இருபது சிலைட்டுகள் ஒரு சுவரொட்டியில்

ஆய்வு முடிவுகளை இருபது சிலைட்டுகளில் விளக்கிய பிள்ளை, மாநாட்டுச் சுவரொட்டிக்கு அதையே 250 சொற்களுக்குள் எழுத வேண்டியிருக்கும். சிலைட்டுக்குப் பக்கத்தில் பேச ஆள் உண்டு. சுவரொட்டியையோ பலர் தனியே வாசித்துவிட்டு நடந்துவிடுவார்கள். அதனால், வாயால் சொன்னவற்றில் எது எழுத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே முதற் கேள்வி.

எங்கள் வீடுகளுக்குத் தெரிந்த நீரிழிவையே எடுப்போம். அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002 இல் வெளியானது. "வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவை 58 வீதம் குறைத்தது" என்று அதைச் சுருக்கலாம். ஆனால் வாசிப்பவர் நூறு பேரில் 58 பேர் தப்பினார்கள் என்று நினைப்பார். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர் தனக்கும் அது பொருந்தும் என்று நம்புவார்.

ஆகவே இப்படி எழுத வேண்டும்: "இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தும் நீரிழிவு வராதவர்களில், வெற்று மாத்திரை எடுத்த நூறு பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 பேருக்கு நீரிழிவு வந்தது. உடற்பயிற்சி செய்து எடையைக் குறைக்க முயன்றவர்களில் ஏறத்தாழ 5 பேருக்கே வந்தது."

சொற்கள் கூடின. அவற்றை வேறிடத்தில் மிச்சம் பிடிக்கலாம். நீரிழிவு பற்றிய நீண்ட முன்னுரை ஒரு வரியாகட்டும். மெற்போமின் மருந்து எடுத்த மூன்றாம் குழுவை வரைபடத்தில் காட்டினால், அதை மறுபடி வசனத்தில் எழுதத் தேவையில்லை.

முடிந்ததும் வீட்டில் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். யாருக்கு, எதனோடு ஒப்பிட்டு, எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும், வெட்டக்கூடாததை வெட்டியிருக்கிறீர்கள்.