பிளக் நுழைந்துவிட்டது, சுவிட்சைப் போடலாமா?

என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு பிளேஸ்டேஷன் 5 கொண்டுவந்தான். கூடவே அங்கே வாங்கிய ஸ்பைக் பஸ்டர் ஒன்று. "மாமா, இதுல மாட்டிட்டா கரண்ட் ஏறி இறங்கினாலும் கவலை இல்ல" என்றான். அதன் தட்டைப் பின்கள் எங்கள் வீட்டு சாக்கெட்டில் போகவில்லை. தெருமுனைக் கடையில் கன்வெர்ட்டர் பிளக் ஒன்று வாங்கி மாட்டினோம். பிளேஸ்டேஷனை இன்னும் இணைக்கவில்லை. ஸ்பைக் பஸ்டர் மட்டும்தான். சுவிட்சைப் போட்டதும் 'பட்'டென்று ஒரு வெடிச்சத்தம். ஓரத்திலிருந்து புகை கிளம்பியது, வீட்டு எம்சிபி விழுந்தது, கருகிய வாசனை ராத்திரி வரை போகவில்லை.

அதே பிளேஸ்டேஷன் அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக் கரண்டில் நேராக ஓடியது. இன்றும் ஓடுகிறது. பாதுகாப்புக்கென்று வந்தது எரிந்துபோனது. எதற்குப் பயந்தோமோ அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஒரே நாட்டில் வாங்கியவை, இரண்டுக்கும் ஒரே தட்டைப் பின்தான். அப்படியென்றால் பின்னைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றுதானே பொருள்?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அந்த இரண்டு நாடுகளிலும் தட்டைப் பின், நம்மிடம் வட்டப் பின். பின்கள் பொருந்தாதது தொந்தரவுபோலத் தெரிந்தாலும், தப்பான வோல்டேஜில் பொருளை மாட்டவிடாமல் தடுக்கும் வேலி அது. கடைக்காரர் கன்வெர்ட்டர் என்று கொடுப்பது இந்த வேலியைத்தான் எடுத்துவிடுகிறது. பெயர்தான் கன்வெர்ட்டர், உள்ளே சில பித்தளைத் தகடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. தட்டைப் பின்னை வட்டப் பின்னாக்கும், 230ஐ 230ஆகவே அனுப்பும். இப்போது பல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் எல்லா நாட்டுப் பின்னும் போகும் சாக்கெட்டே வந்துவிட்டது. அங்கே அந்தச் சிறு தடைகூடக் கிடையாது.

அதனால் முதலில் பார்க்கவேண்டியது லேபிளை. கேம் கன்சோலின் அடியிலோ பின்புறத்திலோ, தனி அடாப்டர் உள்ளதென்றால் அந்த அடாப்டரின் மேலோ, பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100–240 என்று இருந்தால் அந்தப் பெட்டி உலகத்தில் எங்கேயும் ஓடும். வெறும் 120 என்றோ, 100–127 என்றோ, 100 என்றோ இருந்தால் நம் சுவருக்கு அது ஆகாது. எங்கள் பிளேஸ்டேஷன் 5இல் முதல் வகை எழுதியிருந்தது. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் அடாப்டரிலும் அப்படித்தான். பழைய பெட்டிகளில்தான் சிக்கல். அமெரிக்க எக்ஸ்பாக்ஸ் 360இன் செங்கல் போன்ற அடாப்டரில் 100–127 என்றிருக்கும், நின்டெண்டோ வீயின் அமெரிக்க அடாப்டரில் 120 என்றிருக்கும். முதலில் வந்த தடித்த பிளேஸ்டேஷன் 2இன் அமெரிக்கப் பெட்டியிலும் 120தான்.

தப்பாக மாட்டினால் உள்ளே என்னதான் நடக்கிறது? வீட்டு மின்சாரம் ஒரே அளவில் நிற்பதில்லை, அலையாக ஏறி இறங்குகிறது. 120 என்பது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி அதைப்போல 1.41 மடங்கு, அதாவது ஏறக்குறைய 170 வோல்ட். அடாப்டருக்குள் நுழையும் மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாகி, சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கெப்பாசிட்டரில் இந்த உச்சி அளவுக்குத் தேங்கும். 120 வோல்ட்டுக்கு மட்டுமென்று செய்யும்போது அங்கே 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் போதும், விலையும் குறைவு. நம் வீட்டு 230இன் உச்சியோ 325 வோல்ட். 200 தாங்குவதன் மேல் 325 ஏறினால் உள்ளேயிருக்கும் திரவம் கொதித்து ஆவியாகி, மேல்மூடி உப்பிக் கிழியும். நாம் கேட்கும் 'பட்' சத்தம் பெரும்பாலும் அதுதான். 100–240 என்று எழுதிய பெட்டியில் 400 வோல்ட் அளவுக்குத் தாங்கும் கெப்பாசிட்டர் இருக்கும், மற்ற பாகங்களும் அதற்கேற்ப இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

எங்கள் ஸ்பைக் பஸ்டரில் வெடித்தது கெப்பாசிட்டர் இல்லை, வேரிஸ்டர் என்கிற பொத்தான் மாதிரியான பாகம். கரண்ட் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் அது தன் வழியாக இழுத்து, மற்ற பொருள்களைக் காப்பாற்றும். 120 வோல்ட் வீட்டுக்கென்று அளந்து வைத்த வேரிஸ்டருக்கு நம் சாதாரணக் கரண்ட்டே ஓயாத மின்னல் தாக்குதல்தான். சில நொடிகளில் சூடேறித் தெறித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் ஸ்பைக் பஸ்டரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

சரி, 120 என்று எழுதிய பெட்டி கைக்கு வந்துவிட்டது. தூக்கிப்போட வேண்டியதில்லை. நின்டெண்டோ வீயை எடுத்துக்கொள்வோம். வீ பெட்டிக்குள் சுவர் மின்சாரம் போவதே இல்லை. அடாப்டர்தான் 120ஐ வாங்கி 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. அடாப்டர் லேபிளின் 'அவுட்புட்' வரியில் 12 வோல்ட், 3.7 ஆம்பியர் என்று இருக்கும். பெட்டிக்கு வேண்டியது அந்த 12 வோல்ட் மட்டும்தான். அது எந்த நாட்டுச் சுவரிலிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. ஐரோப்பாவில் விற்ற வீக்கு 230 வோல்ட் வாங்கி அதே 12 வோல்ட், 3.7 ஆம்பியர் தரும் அடாப்டர் இருக்கிறது, முனையும் அதேதான். அதை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. எக்ஸ்பாக்ஸ் 360க்கும் இதுவே வழி. நம் நாட்டுக்கான 200–240 செங்கலை, அதே மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்கவேண்டும், ஏனென்றால் அதில் மாடலுக்கு மாடல் முனை மாறும்.

தடித்த பிளேஸ்டேஷன் 2க்கு இந்த வழி கிடையாது. மின்சாரத்தை மாற்றும் பகுதி பெட்டிக்குள்ளேயே இருப்பதால் 120 வோல்ட்டை வெளியிலிருந்துதான் கொடுக்கவேண்டும். அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், போட்டால் மெல்ல உறுமும். பெட்டி இழுப்பது சுமார் 50 வாட் என்றால் 100 விஏ அளவில் வாங்குவது நல்லது. விற்பவர் சொல்லும் அளவை முழுதாக நம்பி, சரியாக 50க்கு வாங்கினால் சூடேறும். விளையாடி முடித்ததும் டிரான்ஸ்ஃபார்மரையும் சுவரிலேயே அணைத்துவிடவேண்டும்.

பயணத்துக்கென்று விற்கும், கைக்குள் அடங்கும் சில கன்வெர்ட்டர்கள் 1,500 வாட் தாங்குமென்று அட்டையில் போட்டிருக்கும். இஸ்திரிப் பெட்டிக்கும் ஹேர் டிரையருக்கும் செய்தவை அவை. வோல்டேஜைக் குறைப்பதில்லை, அலையைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகின்றன. சூடாகும் கம்பிக்கு அது போதும்; கெப்பாசிட்டருக்கோ வெட்டிய அலையிலும் உச்சி உச்சியாகவே வந்து சேரும். கனமில்லாமல், மலிவாக, பெரிய வாட் எண்ணுடன் இருந்தால் கேம் பெட்டிக்கு அது வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மரிலும் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். மலிவானவற்றில் பெரும்பாலும் ஒரே சுருள்தான். அதன் நடுவிலிருந்து ஒரு வயரை இழுத்து 110 வோல்ட் எடுப்பார்கள். அந்தச் சுருளின் கீழ்ப்பாதி எங்காவது அறுந்துவிட்டால் 230 வோல்ட் அப்படியே பெட்டிக்குப் போய்விடும். இரண்டு தனித்தனிச் சுருள் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின் பெட்டியை இணைக்கும் முன்பு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது 110க்குச் சற்று மேலே காட்டுவது இயல்பு. இரவில் உங்கள் தெருவில் கரண்ட் 250க்கு ஏறும் பழக்கம் இருந்தால் இங்கேயும் அதே விகிதத்தில் ஏறும் என்பதை மனத்தில் வையுங்கள்.

ஜப்பானியப் பெட்டிகளை விரும்பிச் சேகரிப்பவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாறும் இடம் வேறு. பழைய சூப்பர் ஃபமிகாம் அடாப்டரில் 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 50/60 என்றதும் 'எல்லா நாட்டுக்கும் பொருந்தும்போல' என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அது ஜப்பானுக்குள்ளேயே உள்ள கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கின. அதனால் நாட்டின் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60 ஹெர்ட்ஸ் என்று இன்றுவரை பிரிந்து கிடக்கிறது. உள்ளூரில் விற்கவே இரண்டையும் எழுதியாகவேண்டும். நாம் பார்க்கவேண்டியது வோல்ட் எண். அது 100 மட்டும்தான்.

சூப்பர் ஃபமிகாமுக்குப் பெட்டியில் வேண்டியது 10 வோல்ட் நேர்மின்சாரம். அடாப்டரின் உருளை முனையில் நடுவில் மைனஸ், வெளிச்சுற்றில் பிளஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில்தான் பிளஸ். முனை பொருந்துகிறதே என்று அதை மாட்டினால் பிளஸும் மைனஸும் தலைகீழாகிவிடும். லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஒரு பிறை வளைவும் வரைந்திருப்பார்கள். புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியில் முடிகிறதோ அதுதான் நடுவின் குறி. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, அந்தப் படம் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். பிளேஸ்டேஷன் லேபிளில் 100–240 இருந்தும் அதன் வயரை நாங்கள் பயன்படுத்தவில்லை. தட்டைப் பின்களுக்கு நடுவே, ரப்பரிலேயே அச்சாக, 125 வோல்ட் என்று எழுதியிருந்தது. பெட்டி தாங்குவது ஒன்று, அதோடு வந்த வயருக்கு அளந்து கொடுத்திருப்பது இன்னொன்று. மேலே ஒரு கன்வெர்ட்டர் பிளக்கும் சேர்ந்தால் அது சாக்கெட்டில் தொங்கும், ஆடும், ஆடுகிற இடம் சூடாகும். பிளேஸ்டேஷனின் பின்னால் வயர் நுழையும் வாய் எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்த மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர் வயரின் முனை அதுதான். நடந்துபோய் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, 250 வோல்ட் என்று எழுதிய புது வயர் ஒன்று வாங்கிவந்தோம். கன்வெர்ட்டர் பிளக் இல்லாமல் சுவரில் நேராக மாட்டினோம். அக்கா மகன் சுவிட்சில் விரல் வைத்துவிட்டு, "மாமா, நீங்களே போடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டான்.