படத்தில் இருப்பது அதே காலணிதானா?

செமினி பேருந்து நிறுத்தத்தில் ஓர் அண்ணன் அணிந்திருந்த வெள்ளைக் காலணி உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் அனுமதி கேட்டு, காலணியை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்து, கூகுள் லென்ஸில் தேடுகிறீர்கள். வரிசையாகப் பல வெள்ளைக் காலணிகள் திரையில் தோன்றுகின்றன. முதலில் வருவதுதான் அந்த அண்ணனின் காலணியா?

கணினி படத்தை நம்மைப்போல் பார்ப்பதில்லை. படத்தை நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றி, தன்னிடமுள்ள கடைப் படங்களின் எண்களோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் குறைந்த படம் முதலில் வரும்.

எளிதாகப் புரிந்துகொள்ள மூன்று எண்கள் போதும். வெண்மை, அடிப்பாகத்தின் தடிப்பு, முனையின் வளைவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பு கொடுப்போம். கடைப் படத்தில் உண்மையான காலணி 9, 8, 7. நிழலில் எடுத்ததால் உங்கள் படத்தில் அதுவே 6, 8, 7 ஆகிவிடுகிறது, வித்தியாசம் 3. வேறு நிறுவனத்தின் மங்கலான வெள்ளைக் காலணி 7, 8, 7, வித்தியாசம் 1. ஆக, வேறு காலணி முதலிடம் பிடிக்கிறது!

தெருவில் எடுத்த படத்தைக் கடைப் படத்தோடு பொருத்துவது ஆய்வாளர்களுக்கும் கடினமாகவே இருந்தது. 2015இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, 20,000க்கும் மேற்பட்ட தெருப் படங்களை 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கடைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. வெளிச்சமும் கோணமும் மாறுவதே பெரிய தடை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் கேட்பது பெயரா, விலையா, மலிவான மாற்றா என்பது படத்தில் இல்லை. கணினி அதை ஊகிக்கிறது. மலிவான மாற்றுக்கு, ‘ஏறக்குறைய ஒன்றுபோல்’ இருப்பது போதும். பெயருக்கும் விலைக்கும் அதே காலணிதான் வேண்டும். மேலே பார்த்த தவறு நடந்தால், வேறொரு காலணியின் விலையை இதன் விலை என்று நம்பிவிடுவோம்.

எனவே பெயர் தெரிய, காலணி நாக்கின் உட்புறம் தைத்திருக்கும் சிறு அட்டையைப் பாருங்கள். நைக்கி நிறுவனம் 1982இல் அறிமுகப்படுத்திய ஏர் ஃபோர்ஸ் 1 காலணியின் ஒரு வெள்ளை வகைக்கு `CW2288-111` என்ற குறியீடு உண்டு. அதன் கறுப்பு வகை `CW2288-001`. கடைசி மூன்று இலக்கங்கள் நிறத்தைக் குறிக்கின்றன. இக்குறியீட்டைத் தட்டித் தேடினால் ஊகத்துக்கு இடமில்லை. விலையையும் அப்படியே ஒப்பிடலாம். மின்கருவி என்றால் பின்புறத்திலுள்ள மாதிரி எண் இதே வேலையைச் செய்யும்.

ஆனால் போலிக் காலணியிலும் அதே குறியீட்டை அச்சிட முடியும். குறியீடு பெயரைச் சொல்லும். அசலா போலியா என்று சொல்லாது. இரவுச் சந்தையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் காலணியில் அந்த எண் இருந்தால், தையலையும் ஒட்டையும் கவனமாகப் பாருங்கள்.

மலிவான மாற்றுத்தான் வேண்டுமா? குறியீட்டை விட்டுவிடுங்கள். லென்ஸில் படத்தோடு சொற்களையும் சேர்க்கலாம். நிறம், உங்கள் அளவு, அதிகபட்சம் எத்தனை வெள்ளி என்று எழுதினால், உங்கள் கேள்வி எது என்பது கணினிக்கும் தெரிந்துவிடும்.