இறங்குமுக எண்ணிக்கை வாசகங்களில் காலச்சுட்டு: குறுநேர விற்பனை அறிவிப்புகளைத் தமிழாக்கும் முறை

1. முன்னுரை

விற்பனை அறிவிப்புகளில் காலத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழருக்குப் புதியன அல்ல. திரையரங்கச் சுவரொட்டியின் மேல் ஒட்டப்படும் ‘இன்றே கடைசி’ என்னும் துண்டுத்தாளும், மளிகைக் கடையில் தொங்கும் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்னும் பலகையும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. முதலாவது, ஒட்டப்பட்ட நாளில் மட்டுமே மெய். இரண்டாவது, எந்நாளில் படித்தாலும் மெய்; கடன் கிடைக்கும் நாள் மட்டும் ஒருபோதும் வராது. ‘இன்று’, ‘நாளை’ ஆகிய சொற்களின் பொருள் அவை வழங்கும் நேரத்தைச் சார்ந்து நகர்வதே இதற்குக் காரணம்.

இன்ஸ்டாகிராமில் 2016 ஆகஸ்டில் அறிமுகமான ஸ்டோரிப் பதிவுகள் இச்சிக்கலுக்கு ஒரு புதிய வடிவத்தைத் தந்துள்ளன. இப்பதிவு வெளியான நேரத்திலிருந்து 24 மணி நேரம் காட்சியில் இருந்து, பின் மறைந்துவிடும். சில மணி நேரமே நடைபெறும் ‘ஃபிளாஷ் சேல்’ என்னும் குறுநேர விற்பனையை முன்னறிவிக்க, நாள்களை இறங்குமுகமாக எண்ணிக் காட்டும் வாசகத் தொடரை நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அத்தகைய தொடரைத் தமிழாக்கும்போது காலம் பற்றிய செய்தி எங்கெங்குத் திரிகிறது என்பதையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஆய்வுக்குரிய தொடர்

விளக்கத்தின் பொருட்டு ஒரு மாதிரித் தொடர் இங்கு அமைத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு கைத்தறிச் சேலை விற்பனை, ஆங்கில வழக்கில் சனிக்கிழமை 12 ஏ.எம். அளவில் தொடங்கி, அன்று காலை 6 மணிக்கு முடிகிறது. இதற்கு ஐந்து பதிவுகள் வெளியாகின்றன. முதல் நான்கும் செவ்வாய் முதல் வெள்ளி வரை நாள்தோறும் இரவு 9 மணிக்கு வெளியாகின்றன. ஐந்தாவது, விற்பனை நடைபெறும்போது சனி விடியற்காலை 3 மணிக்கு வெளியாகிறது. ஆங்கில மூலத்தின் வாசகங்கள் முறையே ‘த்ரீ டேஸ் டு கோ’, ‘டூ டேஸ் டு கோ’, ‘டுமாரோ மிட்நைட்’, ‘த்ரீ அவர்ஸ் டு கோ’, ‘த்ரீ அவர்ஸ் லெஃப்ட்’ என்பன. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கிடைப்பவை:

(1) இன்னும் மூன்றே நாள்!
(2) இன்னும் இரண்டே நாள்!
(3) நாளை நள்ளிரவு!
(4) இன்னும் 3 மணி நேரமே!
(5) இன்னும் 3 மணி நேரமே!

நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றாகிவிட்டமை முதற்பார்வையிலேயே புலப்படும். மற்றவற்றின் குறை அவ்வளவு எளிதில் தென்படாது.

3. எழுதும் நேரமும் படிக்கும் நேரமும்

சார்லஸ் ஃபில்மோர் 1971இல் நிகழ்த்திய சுட்டு பற்றிய சொற்பொழிவுகளில், செய்தி ஆக்கப்படும் நேரத்தையும் அது பெறப்படும் நேரத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். நேருக்குநேர் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றே. கடிதத்தில் இவை பிரிகின்றன. எனவே கடிதத்தின் தலையில் நாள் குறிக்கப்படுகிறது. காலை நாளிதழ் முந்தைய இரவே எழுதப்பட்டாலும், அதில் வரும் ‘இன்று’ வாசகரின் இன்றையே குறிக்கும். அங்கு எழுதுவோர் படிக்கும் நேரத்தைத் தமக்கு அடிப்படையாகக் கொள்கின்றனர்.

ஸ்டோரிப் பதிவில் இவ்விரு வழிகளும் பயன்படுவதில்லை. படிக்கும் நேரம் ஒன்றன்று. 24 மணி நேரப் பரப்பில் எந்நொடியாகவும் அது இருக்கலாம். இரவு 9 மணிக்கு வெளியாகும் பதிவு, மூன்று மணி நேரத்தில் நாள்மாற்றத்தைக் கடந்துவிடுகிறது. எஞ்சிய 21 மணி நேரமும் அது அடுத்த நாளிலேயே படிக்கப்படுகிறது. எனவே வியாழன் இரவு எழுதப்பட்ட ‘நாளை’, அதன் வாழ்நாளின் பெரும்பகுதியில் வெள்ளிக்கிழமையின் நாளையாக, அதாவது சனியாகப் பொருள்படுகிறது. வெள்ளி முற்பகல் 10 மணிக்கு இதனைப் படிப்பவர் சனி இரவு காத்திருப்பார். அப்போது விற்பனை முடிந்து 18 மணி நேரம் ஆகியிருக்கும்.

பதிவு எத்தனை மணி நேரத்திற்கு முன் வெளியானது என்பது `12h` போன்ற சிறு குறிப்பாகத் திரையின் மேற்புறத்தில் காட்டப்படுகிறது. இதுவே கடிதத்தின் தலையில் உள்ள நாளுக்கு இணையானது. ஆயினும் சில நொடிகளே திரையில் நிற்கும் பதிவில், அக்குறிப்பைக் கொண்டு கழித்துக் கணக்கிட வாசகருக்கு அவகாசம் இல்லை.

4. ‘சனி நள்ளிரவு’ எந்த இரவு?

இத்தொடரில் மிகுந்த இழப்பை உண்டாக்கக்கூடியது 12 ஏ.எம். என்னும் குறிப்பு. ஆங்கில நாள்முறையில் சனிக்கிழமை 12 ஏ.எம். என்பது சனியின் தொடக்கம். இதனைச் ‘சனிக்கிழமை நள்ளிரவு 12 மணி’ என்று மொழிபெயர்த்தால், தமிழ் வாசகர் பெரும்பாலும் சனியின் பகல் கழிந்து வரும் இரவையே கொள்வர். பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை நீள்கிறது. அன்றாடப் பேச்சிலும் இரவு அதற்கு முந்தைய பகலைச் சார்ந்ததாகவே கருதப்படுகிறது. ‘வெள்ளி இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டான்’ என்னும்போது, கடிகார நாள்முறையில் அது சனிக்கிழமையே.

‘விடியற்காலை’, ‘அதிகாலை’ ஆகிய சொற்கள் இதற்கு மாறாக வரவிருக்கும் பகலைச் சார்கின்றன. ‘சனி விடியற்காலை 3 மணி’ என்பதில் ஐயம் எழுவதில்லை. ஆக, கிழமைப் பெயரின் பொருளை அதனை அடுத்து வரும் பொழுதுச் சொல்லே உறுதி செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் 12 ஏ.எம். என்பதைக் காணும்போது கிழமையை ஒன்று பின்தள்ளி ‘வெள்ளி இரவு 12 மணி’ என்று எழுத வேண்டும். அதனோடு ‘சனி காலை 6 மணி’ என்னும் முடிவெல்லையும் சேர்ந்து வந்தால், இரு எல்லைகளுக்கும் இடையிலுள்ள இரவு எதுவெனத் தெளிவாகிவிடும்.

5. ஏகாரமும் ‘இன்னும்’ என்பதும்

இறங்குமுக எண்ணிக்கையில் விரைவுணர்வைத் தரும் முதன்மைக் கருவி தேற்ற ஏகாரம். ‘மூன்று நாள்’ என்பது அளவு. ‘மூன்றே நாள்’ என்பது அளவின் குறைவு. இவ்வேகாரம் நான்கே, மூன்றே, இரண்டே எனத் தடையின்றி இறங்கி வந்து ஒன்றில் தடைப்படுகிறது. ‘ஒரே நாள்’ என்பதற்கு ‘ஒரு நாள் மட்டும்’ என்னும் பொருளோடு ‘அதே நாள்’ என்னும் பொருளும் உண்டு. ‘ஒரே நாள் விற்பனை’ என்றால் எஞ்சியுள்ள காலத்தை விடுத்து விற்பனையின் நீளத்தைக் குறிப்பதாகிவிடும். ‘ஒரே ஒரு நாள்’ என இரட்டித்தால் இப்பொருள் மயக்கம் நீங்கும். எண்ணை உருவால் எழுதுவதாயின் ஏகாரத்தைப் பெயரின்மேல் ஏற்றி ‘3 நாளே’, ‘1 நாளே’ என்று அமைக்கலாம். எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளும் வார்ப்பு வாசகங்களுக்கு இதுவே பொருந்தும்.

இரண்டாவது சிக்கல் ‘இன்னும்’ என்பதில் உள்ளது. ஆங்கிலத்தில் ‘டு கோ’ என்பது தொடக்கத்தை நோக்கியும், ‘லெஃப்ட்’ என்பது பெரும்பாலும் முடிவை நோக்கியும் நிற்கும். தமிழில் ‘இன்னும் 3 மணி நேரமே’ என்னும் வினையற்ற தொடர் இரண்டிற்கும் பொதுவானது. இது வெறும் இலக்கண நுட்பமன்று. சனி விடியற்காலை 4 மணிக்கு ஒருவர் செயலியைத் திறந்தால், வெள்ளி இரவு 9 மணிப் பதிவும் சனி 3 மணிப் பதிவும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குக் காட்டப்படும். ஒரே வாசகம் இருமுறை வருகிறது. முதலாவது, விற்பனை தொடங்கவில்லை என்னும் பொருளில் எழுதப்பட்டது. இரண்டாவது, முடியப்போகிறது என்னும் பொருளில் எழுதப்பட்டது. உண்மையில் எஞ்சியிருப்பது 2 மணி நேரம். ‘தொடங்க இன்னும் 3 மணி நேரம்’, ‘முடிய இன்னும் 3 மணி நேரம்’ என வினையெச்சத்தை முன்னிறுத்தினால் பொருள் மயக்கம் தீரும். ஆனால் எண் அப்போதும் காலாவதியானதே.

6. திருத்திய தொடர்

மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைச் சொல்லில் நிலைநிறுத்த முயல்வதே குறையின் வேர். 2018 டிசம்பரில் அறிமுகமான இறங்குமுக எண்ணிக்கை ஒட்டி, எஞ்சிய நேரத்தைப் படிக்கும் நேரத்திற்கு ஏற்பத் தானே கணக்கிட்டுக் காட்டுகிறது. எண்ணை அதனிடம் விட்டுவிட்டு, வாசகம் நிலையான செய்தியை மட்டும் கூறுவதே தக்கது. இரண்டும் எண்ணைக் கூறினால், ஒட்டி ஒன்றையும் வாசகம் வேறொன்றையும் காட்டி ஒன்றையொன்று மறுக்கும்.

(1) வெள்ளி இரவு 12 மணிக்குத் தொடங்கும். சனி காலை 6 மணிக்கு முடியும்.
(2) வேண்டிய சேலைகளைக் குறித்து வையுங்கள். வெள்ளி இரவு 12 மணிக்கு விற்பனை தொடங்கும்.
(3) வெள்ளி இரவு 12 மணிக்குத் தொடங்குகிறது. சனி காலை 6 மணிக்குப் பின் இவ்விலை இல்லை.
(4) வெள்ளி இரவு 12 முதல் சனி காலை 6 வரை: ஆறே மணி நேரம்.
(5) சனி காலை 6 மணிக்கு முடிகிறது.

இங்கு எண் இறங்கவில்லை. ஆயினும் விரைவு கூடுகிறது. ‘தொடங்கும்’ என்னும் எதிர்காலம் ‘தொடங்குகிறது’ என்னும் நிகழ்காலமாகி, ‘முடிகிறது’ என்பதில் நிறைவுறுகிறது. உறுதியான அண்மை எதிர்காலத்தை நிகழ்கால வினையால் உணர்த்துவது தமிழின் இயல்பு. ஏகாரமும் நான்காம் பதிவு வரை காத்திருந்து, மாறாத அளவாகிய விற்பனையின் நீளத்தின்மேல் ஏறுகிறது.

வாசகம் தேறுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொன்றையும் வெளியாகும் நேரத்திலும், 12 மணி நேரம் கழித்தும், மறைவதற்குச் சற்று முன்னும் படிப்பதாகக் கொண்டு, மூன்றிலும் அது மெய்யா எனக் காண வேண்டும். முதல் மூன்றும் இச்சோதனையில் தேறுகின்றன. நான்காவது, காலத்தைப் பிழையின்றிக் கூறினாலும் சனி காலை 6 மணிக்குப் பின் பயனற்றது. ஐந்தாவது, நிகழ்கால வினையால் சனி பிற்பகலில் பொய்யாகிறது. இவ்விரண்டையும் விற்பனை முடிந்தவுடன் நீக்குமாறு நிறுவனத்திற்குக் குறிப்பு எழுதுவதும் மொழிபெயர்ப்பின் ஒரு பகுதியே.

7. முடிவுரை

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை மயக்கும் 13 வடிவமைப்பு முறைகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரம் அவற்றுள் முதலாவது. முடிந்துபோன விற்பனைக்கு ‘இன்னும் 3 மணி நேரமே’ எனக் கூறிக்கொண்டிருக்கும் வாசகம், ஏமாற்றும் நோக்கமின்றி எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் படிப்பவர் எழுதியவரின் நோக்கத்தை அறியார்; அவர்முன் இருப்பது சொல் மட்டுமே. எனவே இத்தகைய வாசகங்களில் சுட்டுச் சொற்களை விலக்கி, கிழமை, பொழுது, மணி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கூறுவதும், தொடக்கத்தையும் முடிவையும் வினையால் வேறுபடுத்துவதும் மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளாகும்.