எச்சம் சொல்லும் திருத்தம்

நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைக் கணினி தீர்க்கும்போது ஒவ்வொரு பெருக்கலிலும் கழித்தலிலும் கடைசி இலக்கங்கள் உதிர்வதும், அந்தச் சிறு இழப்புகளைச் சில தொகுதிகள் பன்மடங்கு பெரிதாக்கி விடைக்குள் கொண்டு சேர்ப்பதும் இத்தொடரின் சென்ற பகுதியில் விளக்கப்பட்டன. அவ்வாறு பழுதுபட்ட விடையை, முழுக் கணக்கையும் மறுபடி செய்யாமல், ஒரே ஓர் இடத்தில் மட்டும் கூடுதல் இலக்கங்களைச் செலவிட்டுச் சீர்செய்யும் முறையே இப்பகுதியின் பொருள். இதைப் படிப்படிச் செம்மையாக்கம் எனலாம். இங்கிலாந்தின் தெடிங்டன் நகரிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் வில்கின்சன், அங்கு உருவாகிக்கொண்டிருந்த ஏஸ் கணினிக்காக 1948-இல் எழுதிய அறிக்கையில் இம்முறையை விவரித்தார்.

முறை மூன்று படிகளைக் கொண்டது. A என்னும் அணியும் b என்னும் வலப்பக்கமும் தரப்பட்டு, Ax = b என்பதற்கு x என்னும் தோராய விடை கிடைத்திருப்பதாகக் கொள்ளலாம். அந்த விடையைச் சமன்பாட்டிலேயே திரும்ப இட்டு, r = b − Ax என்னும் வேறுபாட்டைக் காண்பது முதற்படி; இவ்வேறுபாட்டுக்கு எச்சம் என்று பெயர். எச்சத்தையே புதிய வலப்பக்கமாக வைத்து Ad = r என்பதைத் தீர்த்து, d என்னும் திருத்தத்தைப் பெறுவது இரண்டாம் படி. அத்திருத்தத்தை x உடன் கூட்டுவது மூன்றாம் படி. இரண்டாம் படிக்குப் புதிய உழைப்பு அதிகம் தேவைப்படாது. முதன்முறை தீர்த்தபோதே காஸ் நீக்கல் முறை A-யை L, U என்னும் இரு முக்கோண அணிகளாகப் பிரித்துவிட்டது. அவை நினைவகத்தில் அப்படியே இருப்பதால், முன்னோக்கி ஒருமுறையும் பின்னோக்கி ஒருமுறையும் பிரதியிட்டாலே திருத்தம் கிடைத்துவிடும்.

நான்கு முக்கிய இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் ஒரு கணக்கியைக் கற்பனை செய்து, 7x + 9y = 1, 6x + 8y = 2 என்னும் தொகுதியை அதில் தீர்த்துப் பார்த்தால் இம்முறையின் உயிர்நாடி எது என்பது விளங்கும். இதன் சரியான விடை x = −5, y = 4. இரண்டாவது சமன்பாட்டிலிருந்து x-ஐ நீக்குவதற்கான பெருக்கி 6/7. நான்கு இலக்கக் கணக்கி அதை 0.8571 என வைத்துக்கொள்ளும். 0.8571-ஐ 9-ஆல் பெருக்கினால் வரும் 7.7139, முழுதாக்கத்தில் 7.714 ஆகிறது, அதை 8-இலிருந்து கழிக்க, இரண்டாவது பிவட், அதாவது y-யைக் காண வகுக்கப் பயன்படும் எண், 0.2860 என வருகிறது. உண்மையான பிவட் 2/7, அதாவது 0.285714… என்பதால், இங்கேயே ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை நுழைந்துவிட்டது. வலப்பக்கத்தில் 2-இலிருந்து 0.8571-ஐக் கழித்து முழுதாக்கினால் 1.143, அதை 0.2860-ஆல் வகுத்தால் y = 3.997; அதை முதற்சமன்பாட்டில் பிரதியிட்டால் x = −4.996.

இனி எச்சத்தைக் காண வேண்டும். அதையும் நான்கு இலக்கத்திலேயே கணக்கிட்டால், 7-ஐ −4.996-ஆல் பெருக்கும்போது வரும் −34.972 என்பது −34.97 ஆகவும், 9-ஐ 3.997-ஆல் பெருக்கும்போது வரும் 35.973 என்பது 35.97 ஆகவும் சுருங்குகின்றன. இரண்டின் கூடுதல் சரியாக 1. ஆகவே முதல் எச்சம் சுழியம். இரண்டாவது சமன்பாட்டில் −29.976 என்பது −29.98 ஆகவும், 31.976 என்பது 31.98 ஆகவும் மாறி, கூடுதல் சரியாக 2 வருவதால் இரண்டாவது எச்சமும் சுழியம். கணக்கியின் பார்வையில் விடை முழுக்கச் சரி. திருத்துவதற்கு எதுவும் இல்லை. உண்மையிலோ விடை மூன்றாம் தசம இடத்திலேயே பிழையானது.

அதே பெருக்கல்களை எட்டு இலக்கங்கள் வரை வைத்துக்கொண்டு செய்தால் நிலைமை மாறுகிறது. −34.972-உம் 35.973-உம் சேர்ந்து 1.001 தருவதால் முதல் எச்சம் −0.001 ஆகிறது, இரண்டாவது எச்சம் சுழியமாகவே நிற்கிறது. இந்த எச்சத்தை எடுத்துக்கொண்டு, பழைய பிழையுள்ள பெருக்கியையும் பிழையுள்ள பிவட்டையும் கொண்டே, மீண்டும் நான்கு இலக்கத்தில் தீர்த்தால், y-க்கான திருத்தம் 0.002997 என்றும் x-க்கான திருத்தம் −0.003996 என்றும் வருகின்றன. கூட்டினால் x = −4.999996, y = 3.999997. நான்கு இலக்கத்துக்கு முழுதாக்கினால் −5.000, 4.000 என்னும் சரியான விடை கிடைக்கிறது. விடையை ஏழு இலக்கத்தில் வைத்துக்கொண்டு எச்சத்தை மறுபடி கண்டால் அது −0.000001 ஆக இருக்கும். அதாவது ஒரே சுற்றில் எச்சம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது.

கூடுதல் இலக்கம் எச்சத்தில் மட்டும் ஏன் இன்றியமையாதது என்பதற்கு இக்கணக்கே விடை தருகிறது. விடை ஓரளவு சரியாக இருக்கும்போது b-யும் Ax-உம் ஏறக்குறையச் சமமான எண்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கையில் முன்னிலக்கங்கள் எல்லாம் ஒன்றையொன்று அழித்துவிட, பெருக்கற்பலன்களின் ஐந்தாம் இலக்கத்திலும் அதற்கு அப்பாலும் இருந்தவையே எஞ்சுகின்றன. அந்த இலக்கங்களை முன்கூட்டியே வெட்டி எறிந்துவிட்டால் எச்சத்தில் செய்தி ஏதும் மிஞ்சுவதில்லை. திருத்தத்தின் நிலைமை வேறு. அது தன்னளவில் இரண்டு மூன்று இலக்கங்கள் சரியாக இருந்தாலே, விடையில் இரண்டு மூன்று இலக்கங்கள் கூடிவிடும்; ஆகவே பழுதுபட்ட L, U அணிகளே அதற்குப் போதும். வில்கின்சன் காலத்து மேசைக் கணக்கிப் பொறிகள் இரண்டு எண்களின் பெருக்கற்பலனை இருமடங்கு நீளப் பதிவேட்டில் முழுமையாகவே சேர்த்துக்கொண்டே போயின என்பதால், எச்சத்தின் கூடுதல் துல்லியம் அக்காலத்தில் தனிச்செலவு இல்லாமலே கிடைத்தது. மிதவைப்புள்ளிக் கணினிகளுக்கு இம்முறை எவ்வாறு பொருந்தும் என்பதை கிளீவ் மோலர் 1967-இல் ஆராய்ந்து எழுதினார்.

செலவுக் கணக்கும் இம்முறைக்குச் சாதகமானது. n சமன்பாடுகளுக்கு L, U காண்பதற்கு ஏறத்தாழ 2n³/3 செயல்கள் தேவை. எச்சத்துக்கும் திருத்தத்துக்கும் தலா 2n² செயல்கள் போதும். ஆயிரம் சமன்பாடுகள் என்றால் முன்னது சுமார் 67 கோடி, ஒரு சுற்றுச் செம்மையாக்கம் 40 லட்சம். அதாவது நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. காரணிப்படுத்தும்போது A-யின் மேலேயே L, U எழுதப்படுவது வழக்கம் என்பதால், எச்சம் காண A-யின் பிரதி ஒன்றைத் தனியே காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதே இதிலுள்ள கூடுதல் சுமை.

இம்முறை எப்போது உதவும், எப்போது கைவிடும் என்பதை அறிய, மேற்கண்ட தொகுதியில் 8 என்னும் ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அதை 7.72 ஆக்கினால், கணக்கி காணும் பிவட் 0.006, உண்மையானது 0.005714…, பிழை 5 விழுக்காடு. அப்போது ஒவ்வொரு சுற்றிலும் விடையின் பிழை ஏறத்தாழ 21-இல் ஒரு பங்காகக் குறையும். 7.715 ஆக்கினால் கணக்கியின் பிவட் 0.001, உண்மையானது 0.000714…, பிழை 40 விழுக்காடு. காரணிப்படுத்தலில் நேர்ந்த பிழையை மட்டும் கருதினாலே, ஒரு சுற்றுக்குப் பின்னும் பழைய பிழையில் ஏழில் இரண்டு பங்கு எஞ்சிவிடும். 7.714 ஆக்கினால் கணக்கிக்குப் பிவட் சுழியமாகிறது. தொகுதிக்கு உண்மையில் ஒரே விடை இருந்தும், L, U அணிகளில் அதைப் பற்றிய செய்தி எதுவும் மிஞ்சவில்லை. எச்சத்தை எத்தனை இலக்கத்தில் கணக்கிட்டாலும் அங்கு பயனில்லை.

இந்த நான்கு நிலைகளையும் அளக்கும் கோல் நிலைமை எண் ஆகும். தரவில் நேரும் சிறு மாற்றம் விடையில் எத்தனை மடங்காகப் பெருகக்கூடும் என்பதைக் காட்டும் எண் அது. காரணிப்படுத்தல் t இலக்கங்களில் நடந்து, நிலைமை எண் 10-இன் k-ஆம் அடுக்கு அளவில் இருந்தால், ஒவ்வொரு சுற்றும் ஏறக்குறைய t − k இலக்கங்களைச் சேர்க்கும். k-யின் மதிப்பு t-யை எட்டிவிட்டால் உத்தரவாதம் எதுவும் இல்லை. இதை முன்கூட்டியே கணிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை; அடுத்தடுத்த திருத்தங்களின் அளவை ஒப்பிட்டாலே போதும். ஒவ்வொன்றும் முந்தையதில் சிறு பங்காக இருந்தால் செம்மையாக்கம் நடந்துகொண்டிருக்கிறது. பாதி அளவுக்கும் குறையாமல் நின்றால் நிறுத்திவிட்டு, காரணிப்படுத்தலையே உயர் துல்லியத்தில் செய்ய வேண்டும். முதல் திருத்தம் மட்டுமே கூட ஒரு செய்தி தருகிறது: 5 என்னும் அளவுள்ள விடையில் 0.004 திருத்தம் வந்தது என்றால், முதல் விடையில் மூன்று இலக்கங்களே நம்பத்தக்கவையாக இருந்தன என்று பொருள்.

இன்றைய கணினிகளில் இம்முறை இரு வேறு நோக்கங்களுக்குப் பயன்படுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுமார் 16 இலக்கங்கள் தரும் 64 பிட் எண்களில் காரணிப்படுத்தி, எச்சத்தை அதன் இருமடங்கு துல்லியத்தில் கண்டால், நிலைமை எண் வரம்புக்குள் இருக்கும்வரை விடையின் 16 இலக்கங்களும் ஏறத்தாழ முழுமையாகச் சரியாகும். இதுவே வில்கின்சன் காட்டிய வழி. மற்றொன்று வேகத்துக்கானது: சுமார் 7 இலக்கங்கள் தரும் 32 பிட்டில் காரணிப்படுத்தி, எச்சத்தை 64 பிட்டில் காண்பது. லாபேக் நிரல்தொகுப்பின் DSGESV இவ்வாறே செய்கிறது. செம்மையாக்கம் பலிக்காவிட்டால் அது தானாகவே 64 பிட் காரணிப்படுத்தலுக்குத் திரும்பிவிடும். அதற்கு அடையாளமாக ITER என்னும் எண் எதிர்க்குறியுடன் வெளிவரும். இந்த இரண்டாம் வழியில் கிடைக்கும் விடை, முழுவதையும் 64 பிட்டில் தீர்த்தால் கிடைத்திருக்கும் தரத்தையே அடையும். அதைக் கடந்து செல்லாது. ஏனெனில் இங்கு விடையும் எச்சமும் ஒரே துல்லியத்தில் இருக்கின்றன.

இன்னொரு வரம்பு கணினிக்கு வெளியே உள்ளது. மேற்கண்ட தொகுதியில் 8 என்பது அளந்து பெற்ற எண்ணாக இருந்து, உண்மையில் 7.99 ஆகவும் இருக்கக்கூடும் என்றால், விடை x = −5.187, y = 4.145 என மாறிவிடுகிறது. செம்மையாக்கம் நீக்கிய பிழை 0.004, அளவையின் ஐயம் கொண்டுவந்த மாற்றமோ 0.187. அத்தகைய தரவுக்கு ஆறாம் தசம இடம்வரை செம்மையாக்குவது, கேள்வியே தோராயமாக இருக்கும்போது விடையை மட்டும் மெருகிடும் வீண்வேலை.

ஆகவே, தரவு சரியானது என்று நம்பக் காரணம் இருந்து, காரணிப்படுத்தலில் ஓரிரு இலக்கங்களாவது உண்மை எஞ்சியிருந்தால், எச்சத்தை உயர் துல்லியத்தில் காண்பதே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் மிகப் பெரிய ஆதாயம். எச்சத்தை அதே துல்லியத்தில் கண்டுவிட்டு, அது சுழியமாக இருப்பதைக் கொண்டு விடை சரி என்று முடிவு செய்வது தவறு.

(தொடரும்)