‘புரிந்துகொள்வர்’ என்றால் எப்படித் தெரியும்?

ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கு ஆசிரியர் ஸ்லைடுகள் தயாரித்துவிட்டார். கற்றல் விளைவாக, ‘மாணவர் ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதினார். சிக்கல் இங்கேதான். புரிந்துகொண்டதைக் கண்ணால் பார்க்க முடியாது. மதிப்பெண்ணும் போட முடியாது.

ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து, ‘இதைப் படித்த மாணவர் என்ன செய்து காட்டுவார்?’ என்று கேட்க வேண்டும். அயோடின் சோதனை ஸ்லைடில் பச்சையும் வெள்ளையும் கலந்த இலை இருக்கிறது. அதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கும்: ‘இலையில் மாவுச்சத்தைச் சோதித்துக் காட்டுவார்’, ‘பச்சைப் பகுதி மட்டும் கருநீலமாவதன் காரணத்தை விளக்குவார்’. ஒரு வரிக்கு ஒரு வினைச்சொல் போதும். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்தால், சோதனையைச் சரியாகச் செய்து காரணம் சொல்லத் தெரியாதவருக்கு எத்தனை மதிப்பெண் என்ற குழப்பம் வரும்.

மதிப்பீட்டு அளவுகோலும் அதே வினைச்சொல்லைப் பின்பற்ற வேண்டும். இரண்டாவது விளைவுக்கு, ‘வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை’ என்றால் 1 மதிப்பெண், ‘அதனால் அங்கே மாவுச்சத்து உருவாகவில்லை’ என்று தொடர்புபடுத்தினால் இன்னொன்று.

‘விளக்குவார்’ என்று எழுதிவிட்டு, தேர்வில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று கேட்டால், எழுதிய விளைவு வெறும் அலங்காரம்.