செக் பவுன்ஸ் நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதுவது?

செக் திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் வந்தால், சிலர் அதை மடித்துப் பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள். சிலர் அன்று இரவே கோபத்தோடு பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறார்கள். இரண்டுமே பின்னால் கோர்ட்டில் அவர்களுக்கு எதிராகவே வந்து நிற்கும்.

இதற்கான சட்டம், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள், செக்கை வாங்கியவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் செக் தொகையைக் கொடுத்துவிட்டால் குற்றமே உருவாகாது. கொடுக்காவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்யலாம். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்த 15 நாள் பணம் கொடுப்பதற்கான கெடு. பதில் எழுதியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் செக்கில் இருப்பது உங்கள் கையெழுத்து என்று ஆகிவிட்டால், அது கடனுக்காகக் கொடுத்த செக்தான் என்று 139-வது பிரிவின்படி கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. 2010-ல் ரங்கப்பா வழக்கில், எதிரி நோட்டீஸுக்குப் பதிலே தராததை வைத்து, புகார்தாரர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்ற முடிவுக்கு வரலாம் என்றது சுப்ரீம் கோர்ட். 2022-ல் டேதி சிங் வழக்கில் இன்னொன்றும் சொன்னது: கடன் கொடுக்கும் அளவுக்கு அவரிடம் பணமே இல்லை என்று பதில் நோட்டீஸில் எழுப்பாவிட்டால், தன் பண வசதியைத் தொடக்கத்திலேயே நிரூபிக்கும்படி புகார்தாரரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆக, பதில் நோட்டீஸ்தான் உங்கள் தரப்பின் முதல் வாக்குமூலம். விசாரணையில் நீங்கள் புதிதாக எதைச் சொன்னாலும், "இதை ஏன் அன்றே பதிலில் சொல்லவில்லை?" என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஈரோட்டில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தெரிந்தவரிடம் 3 லட்சம் ரூபாய் வாங்குகிறார். அடமானம்போல, தேதியும் தொகையும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக்கைக் கொடுக்கிறார். மாதம் 30,000 வீதம் ஆறு தவணை, அதாவது 1,80,000 ரூபாயை வங்கி வழியாகத் திருப்பிச் செலுத்திவிட்டார். அதன்பின் இருவருக்கும் மனஸ்தாபம். கொடுத்தவர் செக்கில் 3 லட்சம் என்று எழுதி வங்கியில் போட, 'போதிய நிதி இல்லை' என்ற ரிட்டர்ன் மெமோவோடு செக் திரும்புகிறது. நோட்டீஸ் வருகிறது.

கடைக்காரர் மனதில் முதலில் ஓடும் பதில் இப்படி இருக்கும்: "வியாபாரம் மந்தமாக இருக்கிறது. மூன்று மாதம் அவகாசம் கொடுத்தால் முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறேன்." மரியாதையான வாக்கியம்தான். ஆனால் 3 லட்சமும் பாக்கி என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். கட்டிய 1,80,000 எங்கே போயிற்று? மேலும், காலவரம்புச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி, கெடு முடியுமுன் கையெழுத்திட்டு எழுத்தில் தரும் ஒப்புதல், கடனை வசூலிக்கும் கெடுவை அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கி வைக்கும்.

இரண்டாவது வகைப் பதில் கோபத்தில் பிறப்பது. "உங்கள் கட்சிக்காரர் ஒரு மோசடிப் பேர்வழி, நான் அவரிடம் காசே வாங்கவில்லை, செக் காணாமல் போனது." வங்கிக் கணக்கில் 3 லட்சம் வந்திருக்கிறது; தவணைகள் போயிருக்கின்றன. செக் காணாமல் போயிருந்தால் அப்போதே வங்கிக்கு எழுதி நிறுத்தியிருக்க வேண்டும், போலீசில் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு பொய், அவரிடம் உள்ள உண்மையான எதிர்வாதத்தையும் சேர்த்து மூழ்கடித்துவிடும். கையெழுத்தே என்னுடையதல்ல என்பதும் அப்படித்தான். ரிட்டர்ன் மெமோவில் 'கையெழுத்து வேறுபடுகிறது' என்று இல்லாமல் 'நிதி இல்லை' என்று இருக்கும்போது அதை யார் நம்புவார்கள்?

'வெற்று செக்தானே கொடுத்தேன்' என்பதும் தனியாக நிற்காது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கை வேறொருவர் பூர்த்தி செய்திருந்தாலும் 139-வது பிரிவின் அனுமானம் பொருந்தும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. கடைக்காரரின் பலம் தொகையில் இருக்கிறது. செக் கொடுத்தபின் கடனில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டிருந்தால், அதைச் செக்கிலேயே குறித்து மீதிக்கு மட்டும்தான் வங்கியில் போட வேண்டும். அப்படிச் செய்யாமல் முழுத்தொகைக்குப் போட்டால் 138-வது பிரிவு பொருந்தாது. தசரத்பாய் படேல் வழக்கில் 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதைத்தான்.

எனவே பதிலின் நடுப்பகுதி இப்படி அமையலாம்: "தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. அதில் கண்டவற்றில் இங்கே வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டவை தவிர மற்றவை மறுக்கப்படுகின்றன. குறிப்பிட்ட செக், தேதியும் தொகையும் நிரப்பப்படாமல் பாதுகாப்புக்காக மட்டும் கொடுக்கப்பட்டது. அதன்பின் எனது கட்சிக்காரர் கீழ்க்கண்ட தேதிகளில் வங்கி மூலம் மொத்தம் ரூ.1,80,000 செலுத்தியுள்ளார். ஆகவே செக்கில் எழுதப்பட்ட ரூ.3,00,000 அந்தத் தேதியில் தரவேண்டிய கடன் அல்ல. தங்கள் கட்சிக்காரர் தம் கணக்கு விவரத்தை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்." ஆறு தவணைகளின் தேதியும் பரிவர்த்தனை எண்ணும் கீழே வர வேண்டும். அவற்றை நினைவிலிருந்து எழுதாமல், ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். ஒரு தேதி பிசகினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

மீதி 1,20,000? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பாக்கியே இல்லை என்று எழுதினால் அது பொய். கையில் பணம் இருந்தால், அந்த 15 நாட்களுக்குள் மீதியை வங்கி வழியே அனுப்பிவிட்டு, அந்தத் தேதியையும் பதிலில் சேர்ப்பதே என் பார்வையில் நேர்மையான வழி, பலமான வழியும்கூட. பணம் இல்லையென்றால், பாக்கி இல்லை என்றும் எழுத வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். 3 லட்சம் தரவேண்டியதில்லை என்பதோடும் கட்டிய கணக்கோடும் நிறுத்திக்கொண்டு, சமரசப் பேச்சை வக்கீல்கள் மூலம் தனியாக வைத்துக்கொள்ளலாம். சமரசக் கடிதத்தின் மேல் 'உரிமைக்குப் பாதகமின்றி' என்று எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒப்புதலைச் சாட்சியமாக்கக்கூடாது என்ற நிபந்தனைக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு சிவில் வழக்குக்கானது. செக் வழக்கு நடப்பதோ குற்றவியல் கோர்ட்டில்.

பதிலை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரமாக வையுங்கள். பதில் அனுப்பியதாலேயே புகார் தாக்கலாவது நின்றுவிடாது. அவர் வழக்குப் போடக்கூடும். நோட்டீஸ் வந்த கவரில் எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே ஸ்டேட்மென்ட்டோடு வக்கீலைப் பாருங்கள். நோட்டீஸில் கேட்டிருக்கும் தொகை முழுவதும் உண்மையிலேயே நீங்கள் தரவேண்டியதுதான் என்றால், பதிலுக்குச் செலவிடும் நேரத்தில் 15 நாட்களுக்குள் பணத்தைப் புரட்டிக் கட்டிவிடுங்கள்.