ஆயிரம் பவுண்டு பங்கும் ஐம்பது சதவீத டிவிடெண்டும்

1720 ஜனவரியில் லண்டனில் சவுத் சீ கம்பெனியின் பங்கு ஒன்று சுமார் 128 பவுண்டுக்கு விற்றது. கோடையில் ஆயிரத்தை நெருங்கியது. ஆண்டு முடிவதற்குள் இருநூறுக்கும் கீழே விழுந்துவிட்டது. இடையில் கம்பெனியின் வியாபாரம் வளரவே இல்லை. ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஆப்பிரிக்க அடிமைகளை விற்கும் உரிமைதான் அதன் பெரிய சொத்தாகப் பேசப்பட்டது. ஸ்பெயினோடு போர் மூண்டதால் அந்த வியாபாரமும் நின்றுபோயிருந்தது.

பிறகு விலை ஏன் ஏறியது? மக்களின் பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பேராசை எல்லா ஆண்டும் இருப்பதுதான். அந்த ஆண்டு விலையை ஏற்றுவதற்கென்றே ஒரு திட்டம் இருந்தது.

போர்களால் பிரிட்டிஷ் அரசுக்குப் பெரும் கடன். அதில் சுமார் 3.1 கோடி பவுண்டைக் கம்பெனி ஏற்றுக்கொள்ள முன்வந்தது. அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் தங்கள் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிப் பங்கை வாங்கிக்கொள்ளலாம். ஏற்கும் ஒவ்வொரு 100 பவுண்டு கடனுக்கும் 100 பவுண்டு முகமதிப்புள்ள ஒரு பங்கைக் கம்பெனி வெளியிடலாம். சூட்சுமம் இங்கேதான். சந்தை விலை 100 என்றால், 300 பவுண்டு பத்திரத்துக்கு மூன்று பங்குகளையும் கொடுத்தாக வேண்டும். விலை 300 என்றால் ஒரு பங்கு போதும். மிச்சமிருக்கும் இரண்டைச் சந்தையில் விற்றுக்கொள்ளலாம். ஆக, விலை ஏற ஏறக் கம்பெனிக்கு லாபம். அதிகாரத்தில் இருந்தவர்கள் சிலருக்குப் பணம் வாங்காமலே பங்குகளை எழுதிவைத்ததால், விலையேற்றம் அவர்களுக்கும் வேண்டியிருந்தது.

இயக்குநர் ஜான் பிளன்ட்டும் கூட்டாளிகளும் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். ஒன்று, தவணை விற்பனை. ஜூனில் ஆயிரம் பவுண்டு பங்கை முதலில் 100 பவுண்டு மட்டும் கட்டி வாங்கலாம் என்றார்கள். இன்னொன்று, தன் பங்கையே அடமானமாகப் பெற்றுக்கொண்டு கம்பெனி கடன் கொடுத்தது. பங்கு விற்று வந்த பணம் கடனாக வெளியே போய், மறுபடி பங்கு வாங்கவே திரும்பி வந்தது. விலை உயர்ந்ததால் கூடுதல் கடன். கூடுதல் கடனால் இன்னும் விலை. எந்தக் குமிழியிலும் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது இந்தச் சுழற்சியைத்தான்.

இது கீழ்நோக்கிச் சுழன்றால் என்ன ஆகும்? 100 பவுண்டு கட்டி ஆயிரம் பவுண்டு பங்கு எடுத்தவருக்கு, விலை 800 ஆனாலே 200 பவுண்டு நஷ்டம். கட்டியதைப் போல இரண்டு மடங்கு. தவணையையும் கடனையும் நினைத்து எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் வாங்க ஆள் இருக்காது. நடந்தது அதுதான். செப்டம்பர் 24 அன்று, கம்பெனியோடு இணைந்து இயங்கிய சோர்டு பிளேடு வங்கி பணம் தருவதை நிறுத்தியது.

முன்பே கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆர்ச்சிபால்டு ஹட்சிசன் என்ற எம்.பி., இந்த விலைக்கு ஏற்ற லாபத்தைக் கம்பெனியால் ஈட்டவே முடியாது என்று அந்த வசந்த காலத்திலேயே எழுதினார். கேட்பார் இல்லை. ஐசக் நியூட்டன் ஆரம்பத்தில் நல்ல லாபத்தில் விற்றார். விலை மேலும் ஏறியதைப் பார்த்து உச்சத்துக்கு அருகில் திரும்ப வாங்கிப் பெருந்தொகையை இழந்தார். கணிதம் தெரியாததாலா தோற்றார்? விற்ற பிறகு மற்றவர்கள் சம்பாதிப்பதை வேடிக்கை பார்ப்பதுதான் கடினம். தாமஸ் கை என்ற புத்தக வியாபாரி ஏறும் சந்தையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விற்று வெளியேறினார். அந்தப் பணத்தில் எழுந்த மருத்துவமனை லண்டனில் இன்றும் இருக்கிறது.

விலை சரியத் தொடங்கியதும் ஆகஸ்ட் இறுதியில் கம்பெனி இன்னொரு அறிவிப்பு விட்டது: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஐம்பது சதவீத டிவிடெண்ட்! ஆனால் அந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல்தான். ஆயிரம் கொடுத்து வாங்கியவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு, அதாவது ஐந்தே சதவீதம். பன்னிரண்டு ஆண்டும் சொன்னபடி வந்தாலும் மொத்தம் 600 பவுண்டு; போட்ட பணம்கூடத் திரும்பாது.

நம் பங்குச் சந்தையிலும் டிவிடெண்டை முகமதிப்பின் சதவீதமாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு ரூபாய் முகமதிப்புப் பங்குக்கு 500 சதவீதம் என்றால் கைக்கு வருவது ஐந்து ரூபாய். நீங்கள் வாங்கும் விலையால் அதை வகுத்துப் பாருங்கள். நிறுவனத்தை நடத்துபவர்கள் தங்கள் பங்கில் எவ்வளவை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்பது பங்குச் சந்தையின் இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வெளியாகிறது. வாங்குவதற்கு முன் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.